ஒலியில்லாச் சொற்படங்களில் கால அளவு: திருவரங்கம் குறித்த ஒரு பனுவலை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

பேச்சும் இசையும் காட்சியும் இன்றித் திரையில் நகரும் சொற்களை மட்டுமே கொண்ட குறும்படம் இங்குச் சொற்படம் எனப்படுகிறது. இதற்குப் பனுவல் எழுதுவோர் ஒவ்வொரு வரிக்கும் உரிய கால அளவையும் வகுக்க வேண்டும். ஆங்கிலத்தில் உருவான அளவுமுறையைத் தமிழுக்கு அப்படியே பொருத்தினால் வாசிப்பு தடைபடுவதையும், அதற்கான காரணம் தமிழ்த் தொடரமைப்பிலும் எழுத்தமைப்பிலும் இருப்பதையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

முன்னுரை

தென்னிந்தியத் திரைப்பட வரலாற்றில் திருச்சிராப்பள்ளிக்குத் தனி இடம் உண்டு. அங்கு இரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905இல் டுபான்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் படங்காட்டும் கருவியை விலைக்கு வாங்கி, ஊர் ஊராகச் சென்று படம் காட்டினார். அக்கால மௌனப்படங்களில் எழுத்தட்டைகள் தோன்றும்போது, அவற்றை வாசித்துக் கதை சொல்ல அரங்கில் ஒருவர் இருப்பது வழக்கமாயிற்று. வாசிக்கத் தெரியாதவர்க்கு அட்டையின் பொருளை எடுத்துரைத்தவர் அவரே. எந்தச் சொல்லில் நிறுத்துவது, எதை அழுத்திச் சொல்வது என்பனவும் அவர் பொறுப்பில் இருந்தன. இன்றைய சொற்படத்தில் அந்தக் கதைசொல்லி இல்லை. ஆகவே அவர் செய்த பணி முழுவதும் கால அளவின்மேல் விழுகிறது.

சொல்லுக்குச் சொல் காட்டும் முறை

இவ்வகைப் படைப்புக்குச் சிறந்த எடுத்துக்காட்டு, கனடியக் கலைஞர் மைக்கேல் ஸ்னோ 1982இல் உருவாக்கிய ‘சோ இஸ் திஸ்’ என்னும் ஒலியற்ற படம். அதில் ஒரு நேரத்தில் ஒரு சொல் மட்டுமே திரையில் தோன்றும். சில சொற்கள் கணத்தில் மறையும். சில நெடுநேரம் நிற்கும். மறைந்த சொல் திரும்ப வராது என்பதால், பார்ப்பவர் தொடரைத் தம் நினைவிலேயே கட்டிக்கொள்ள வேண்டும்.

இம்முறை ஆங்கிலத்தில் இயல்வதற்கு அம்மொழியின் தொடரமைப்பும் ஒரு காரணம். எழுவாயை அடுத்து வினை வந்துவிடுவதால், பின்வரும் சொற்களை வாசகர் அதனோடு ஒவ்வொன்றாகப் பொருத்திக்கொள்கிறார். தமிழில் வினைமுற்று பெரும்பாலும் இறுதியில் நிற்கிறது. பெயரெச்சமும் வினையெச்சமும் அதற்கு முன்னரே வந்து குவிகின்றன. கடைசிச் சொல் வரும்வரை முந்தைய சொற்கள் எதனோடு சேரும் என்பது முடிவாவதில்லை. அதற்குள் அவை மறைந்துவிட்டால் வாசகருக்குச் சொற்கள் எஞ்சும், தொடர் எஞ்சாது. எனவே தமிழ்ச் சொற்படத்தில் முன்வந்த சொற்கள் வினைமுற்று வரும்வரை திரையில் நிற்க வேண்டும். வினைமுற்று வந்த பின்னரும் பொருள் கொள்வதற்குச் சிறிது இடைவெளி தரப்பட வேண்டும்.

எதை எண்ணுவது?

ஆங்கில வசனவரிகளுக்கு விநாடிக்கு இத்தனை எழுத்துக்குறிகள் என்னும் அளவு வழங்குகிறது. இதைத் தமிழுக்குக் கொண்டுவரும்போது மென்பொருள் எதை எண்ணுகிறது என்பது முக்கியமாகிறது. ‘திருவரங்கம்’ என்பதில் எழுத்துகள் 7. ஆனால் ஒருங்குறியில் அது 11 குறிகள். ‘காவிரி’ 3 எழுத்துகள்; ஒருங்குறியில் 6 குறிகள். முதற்சொல்லில் எண்ணிக்கை ஏறத்தாழ ஒன்றரை மடங்காகிறது. இரண்டாவதில் சரியாக இருமடங்காகிறது. விகிதம் சொல்லுக்குச் சொல் மாறுவதால், குறிகளை எண்ணிப் பொதுவான ஓர் எண்ணால் வகுப்பதும் தீர்வாகாது. உயிர்மெய்யை ஓர் எழுத்தாகக் கொள்ளும் தமிழ் இலக்கண மரபின்படி எண்ணுவதே பொருத்தம்.

இதே பிழை அசைவிலும் வெளிப்படும். குறி குறியாகப் பிரித்து நகர்த்தினால் ‘கொ’ என்பதன் கொம்பும் காலும் ககரத்தை விட்டுத் தனியே பறக்கும். அசைவின் அலகு எழுத்தாகவேனும் சொல்லாகவேனும் இருத்தல் வேண்டும்.

எண்களுக்குத் தனி விதி தேவைப்படுகிறது. திருவரங்கத்து இராசகோபுரம் நிறைவுற்ற ஆண்டு 1987. திரையில் இது 4 இலக்கங்களே. மனத்துள் ‘ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தேழு’ என்று வாசிப்பவருக்கோ இது 19 எழுத்துகள். இலக்கங்களை வாசிக்கப்படும் வடிவில் எண்ணாவிடில் அவ்வரி வாசித்து முடிப்பதற்குள் போய்விடும்.

ஒரு பனுவல்

காவிரி, திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே முக்கொம்பில் இரண்டாகப் பிரிகிறது. வடகிளை கொள்ளிடம் எனப் பெயர் பெறுகிறது. தென்கிளை காவிரியாகவே தொடர்கிறது. இடைப்பட்ட தீவே திருவரங்கம். இச்செய்தியை 11 விநாடியில் சொல்லும் பனுவலைக் காண்போம். விநாடிக்கு 8 எழுத்துகள் என்பதும், ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் கண் இடம் கண்டுகொள்ள அரை விநாடி என்பதும் இங்குத் தொடக்க மதிப்பீடுகளாகக் கொள்ளப்படுகின்றன.

| விநாடி | திரையில் நிகழ்வது |
|---|---|
| 0.0 | காவிரி |
| 0.9 | முக்கொம்பில் |
| 1.7 | இரண்டாகப் |
| 2.4 | பிரிகிறது |
| 3.0 – 3.8 | நான்கு சொற்களும் அசையாமல் நிற்றல் |
| 3.8 – 4.6 | ‘காவிரி’ கீழே இறங்குதல். பிற சொற்கள் மறைதல் |
| 4.6 – 6.2 | மேலே: வடக்கே கொள்ளிடம் |
| 6.2 – 7.5 | கீழே நிற்கும் ‘காவிரி’க்கு முன் ‘தெற்கே’ சேர்தல் |
| 7.5 – 9.4 | நடுவில்: திருவரங்கம் என்னும் தீவு |
| 9.4 – 11.0 | மூன்று வரிகளும் அசையாமல் நிற்றல் |

முதல் தொடரில் 20 எழுத்துகள் உள்ளன. மேற்கண்ட மதிப்பீட்டின்படி வாசிக்க 3 விநாடி ஆகும். நான்கு சொற்களுக்கும் அரை விநாடி வீதம் சமமாகப் பங்கிட்டு 2 விநாடியில் முடித்திருந்தால், ‘பிரிகிறது’ என்ற சொல் வந்தவுடனே தொடர் கலைந்திருக்கும். இங்கு அச்சொல்லுக்குப் பின் 0.8 விநாடி அசைவின்றி விடப்படுகிறது. வாசிப்பு நடக்கும்போது எழுத்து நகர்ந்தால் கண் எழுத்தைத் துரத்தும், பொருளைப் பற்றாது. எனவே அசைவு வாசிப்புக்குப் பின்னரே தொடங்குகிறது.

அசைவு அலங்காரமாகவும் நிற்கவில்லை. தொடக்கத்தில் வந்த அதே ‘காவிரி’ கீழிறங்கித் தென்கிளைக்கும் பெயராகிறது. வடகிளைக்குப் புதிய சொல் தோன்றுகிறது. பெயர் தொடர்வதும் மாறுவதும் விளக்கவுரையின்றியே புலனாகின்றன. மேல் வடக்கு, கீழ் தெற்கு என்பது நிலப்படம் பழக்கிய ஒழுங்கு. இரு கிளைகளும் ஒரே நேரத்தில் தோன்றினால் காட்சி சமச்சீராக இருக்கும். ஆயினும் கண் ஒரு வரியையே வாசிக்க இயலும் என்பதால் அவை அடுத்தடுத்து வருகின்றன. ‘காவிரி’ முன்னரே வாசிக்கப்பட்ட சொல்லாயினும் அவ்வரிக்கு முழு நேரம் தரப்படுகிறது. கண் மேலிருந்து கீழே இறங்க அது தேவைப்படுகிறது.

கடைசி வரிக்கு மட்டும் கணக்கு பொருந்தவில்லை. ‘திருவரங்கம் என்னும் தீவு’ 13 எழுத்துகள். அதற்கு ஏறத்தாழ 2.1 விநாடி வேண்டும். பனுவல் தருவது 1.9. எனினும் அவ்வரி இறுதிவரை நிற்பதால் இக்குறை வாசகரைத் தாக்காது. இதே குறை முதல் தொடரில் நேர்ந்திருந்தால் பின்வரும் வரிகள் அனைத்தும் பொருளிழந்திருக்கும்.

சரிபார்த்தலும் எல்லையும்

பனுவலை எழுதியவர் தம் வரிகளை மனப்பாடமாக அறிவார். ஆதலால் அவருக்கு எந்த வேகமும் போதுமானதாகவே தோன்றும். பனுவலை முன்பு காணாத ஒருவர் வாய்விட்டு வாசிக்க, படத்தை ஓடவிடுவதே தக்க சோதனை. வரி மறையும்போது அவர் வாய் இன்னும் அசைந்தால் நேரம் போதவில்லை. வாசித்து முடித்துத் திரையிலிருந்து பார்வையை எடுத்தால் நேரம் மிகுதி. ஒலியற்ற படத்தில் இது பெரும் இழப்பு; பார்வை விலகியவரை மீண்டும் அழைக்கக் குரல் ஏதும் இல்லை.

விநாடிக்கு 8 எழுத்துகள் என்பது மாறா விதியன்று. எழுத்துருவின் அளவு, திரையின் அளவு, வாசகரின் வயது ஆகியவற்றால் அது மாறும்.

முடிவுரை

தமிழ்ச் சொற்படத்தில் வரியின் கால அளவு மூன்று பகுதிகளால் ஆனது: கண் இடம் காணும் நேரம், எழுத்தெண்ணி வகுத்த வாசிப்பு நேரம், வினைமுற்றுக்குப் பின் பொருள் கொள்ளும் நேரம். முதலிரண்டும் எம்மொழிக்கும் உரியவை. மூன்றாவது தமிழ்த் தொடரமைப்பு கேட்கும் நேரம். சொற்களுக்குச் சமமாகப் பங்கிடும் பனுவல்களில் விடுபடுவதும் அதுவே.