ஆறுதல் சொல்லிவிட்டுப் போகிறவர்கள்

மே மாதம் பிளஸ் டூ முடிவு வருகிற வாரத்தில் அவனியாபுரத்தில் இரண்டு குரல்கள் கேட்கும். ஒன்று, டியூசன் சென்டர்கள் கட்டும் ஃப்ளெக்ஸில் இருக்கிறது: பாஸ்போர்ட் சைஸ் முகங்கள், அவற்றுக்குக் கீழே கொட்டை எழுத்தில் 587, 591. இன்னொன்று, தேர்வில் தவறிய பிள்ளை இருக்கும் வீட்டுத் திண்ணையில் கேட்பது: "விடுப்பா, மார்க்கா வாழ்க்கை?" இந்த இரண்டாவது குரலுக்கு இப்போது பெரிய மரியாதை. தோற்றவர்களையும் தட்டிக்கொடுக்கக் கற்றுக்கொண்டுவிட்டோம், நம் சமூகம் பக்குவப்பட்டுவிட்டது என்று பள்ளி ஆண்டு விழா மேடைகளில் பெருமையாகப் பேசுகிறார்கள். அந்தப் பெருமையில் எனக்குப் பங்கில்லை. அந்த ஆறுதலின் தொனியில் ஒரு பெரிய கோளாறு இருக்கிறது என்பது என் நெடுநாள் எண்ணம்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2017இல் மாநில அளவிலான முதல் மூன்று இடங்களை அறிவிக்கும் வழக்கத்தைப் பள்ளிக் கல்வித்துறை நிறுத்தியது. அது சரியான முடிவு. முடிவு வெளியாகிற அன்று இரவு, தவறிய பிள்ளையின் பக்கத்தில் யாராவது இருக்க வேண்டும். கேள்வி கேட்காமல் சாப்பாடு போட வேண்டும். மனம் கலங்கியிருந்தால் 104க்குப் போன் செய்து மனநல ஆலோசகரிடம் பேச வைக்க வேண்டும். அந்த ஒரு இரவுக்கு ஆறுதல்தான் மருந்து. அதில் யாருக்கும் மறுப்பு இருக்க முடியாது.

அதிக மதிப்பெண் எடுத்தவர்களை வாழ்த்துவதிலும் குறை உண்டு. "இவன் பிறவியிலேயே அறிவாளிங்க" என்று பிள்ளையின் காதுபடச் சொல்வது நம் ஊர்ப் பழக்கம். கிளாடியா முல்லர், கரோல் டுவெக் என்ற இரு உளவியலாளர்கள் 1998இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் சிலரிடம் "நீ புத்திசாலி" என்றும், சிலரிடம் "நன்றாக உழைத்திருக்கிறாய்" என்றும் சொல்லிவிட்டு அடுத்து கடினமான புதிர்களைக் கொடுத்தார்கள். புத்திசாலி என்று பெயர் வாங்கியவர்கள் சீக்கிரமே சோர்ந்துபோனார்கள். தாங்கள் எடுத்த மதிப்பெண்ணைக் கூட்டிச் சொன்னவர்களும் அவர்களில்தான் அதிகம். ஆனாலும் 590 எடுத்த பிள்ளைக்கு நம் தவறான புகழ்ச்சியால் அந்த மே மாதத்தில் எதுவும் கைநழுவப் போவதில்லை. தவறான ஆறுதலால் இன்னொரு பிள்ளைக்கு ஒரு வருடமே நழுவிவிடுகிறது. அதனால்தான் என் பேச்சு அந்தப் பக்கமே போகிறது.

எங்கள் தெருப் பையன் ஒருவனுடைய மதிப்பெண்ணை எடுத்துக்கொள்கிறேன். பிளஸ் டூ, கணினி அறிவியல் பிரிவு. ஐந்து பாடங்களில் தேர்ச்சி, இயற்பியலில் மட்டும் இல்லை. இயற்பியலில் மொத்தம் 44. தேர்ச்சிக்கு 35 போதும் என்று எல்லோருக்கும் தெரியும். அப்படியிருக்க 44 எடுத்தவன் எப்படி ஃபெயில்? திண்ணையில் உட்கார்ந்திருந்த மாமா, சித்தப்பா, பக்கத்து வீட்டு அத்தை யாருக்கும் இந்தக் கேள்வி தோன்றவில்லை. "இவனுக்கு சயின்ஸ் வரல, விடுங்க. கடைக்கு அனுப்புங்க, கெட்டிக்காரப் பய, பொழச்சுக்குவான்" என்று அன்போடுதான் சொன்னார்கள்.

அந்த 44ஐப் பிரித்துப் பார்த்தால் செய்முறைக்கு 20, அக மதிப்பீட்டுக்கு 10, எழுத்துத் தேர்வுக்கு 14. செய்முறை உள்ள பாடத்தில் மொத்தம் 35 எடுத்தால் மட்டும் போதாது. 70 மதிப்பெண் எழுத்துத் தேர்வில் தனியாகக் குறைந்தது 15 எடுக்க வேண்டும். பையன் தவறியது ஒரே ஒரு மதிப்பெண்ணில். அந்த வினாத்தாளில் முதல் பகுதியே 15 ஒரு மதிப்பெண் கேள்விகள். நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்து எழுதுவது. ஒவ்வொரு பாடத்தின் பின்னாலும் உள்ள இத்தகைய வினாக்களை ஒழுங்காகத் திருப்பிப் பார்த்திருந்தால், நெடு வினா ஒன்றைக்கூடத் தொடாமலே இன்னும் சில மதிப்பெண் எடுத்திருப்பான். செய்முறையில் முழு மதிப்பெண் வாங்கியவனைப் பார்த்து அறிவியல் வரவில்லை என்று சொல்வது பொய். அன்பாகச் சொன்ன பொய் என்பதால்தான் அவனும் அதை நம்பினான்.

முடிவு வந்த கையோடு சில வேலைகள் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் நாள் கணக்கு உண்டு. பிளஸ் டூவில் விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பிக்கச் சில நாட்கள்தான் தருவார்கள். நகல் வாங்கியவர்தான் பிறகு மறுமதிப்பீடு கேட்க முடியும். 14க்கும் 15க்கும் இடையில் நிற்கிற பையனுக்கு இந்த வரிசை தெரிந்திருக்க வேண்டும்; அந்த நாட்களைத் தவறவிட்டால் விடைத்தாளைக் கண்ணால் பார்க்கும் வாய்ப்பு போய்விடும். துணைத் தேர்வுக்கும் மே மாதத்திலேயே விண்ணப்பித்தாக வேண்டும். 2025இல் முடிவு வந்தது மே 8. துணைத் தேர்வு தொடங்கியது ஜூன் 25. ஏறக்குறைய ஏழு வாரம். ஒரே பாடத்தின் எழுத்துத் தேர்வுக்கு ஏழு வாரம் என்பது தாராளமான அவகாசம். அதில் தேறிவிட்டால் அந்த வருடமே கல்லூரிக்குப் போகலாம். பொறியியலுக்கே துணைக் கலந்தாய்வு என்று ஒன்று நடக்கிறது.

"மார்க்கா வாழ்க்கை?" என்ற ஆறுதல் சரியாக இந்த நாட்களில்தான் உள்ளே வருகிறது. விண்ணப்பம் போட வேண்டிய பிள்ளையிடம், போட வேண்டியதில்லை என்கிற தொனியில் பேசுகிறது. கோபப்பட்டுத் திட்டுகிற அப்பாவிடம்கூட ஒரு எதிர்பார்ப்பு ஒட்டியிருக்கும். "நீ பாஸாகியிருக்கணும்டா" என்றுதான் அந்தத் திட்டுக்குப் பொருள். திட்டுவதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை, அது செய்கிற கேடு பெரிது. ஆனால் தட்டிக்கொடுக்கிற கை அந்த எதிர்பார்ப்பையே எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. அனீதா ரத்தன், கேத்தரின் குட், கரோல் டுவெக் மூவரும் 2012இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. கணிதத்தில் குறைந்த மதிப்பெண் வாங்கியதாகக் கற்பனை செய்துகொள்ளச் சொல்லி, கல்லூரி மாணவர்களிடம் ஆசிரியர் சொல்வதாகச் சில பதில்களைக் காட்டினார்கள். எல்லோருக்கும் கணக்கு வராது, பரவாயில்லை என்கிற ஆறுதல் பதிலைப் படித்தவர்கள், ஆசிரியர் தம்மிடம் அதிகம் எதிர்பார்க்கவில்லை என்று எடுத்துக்கொண்டார்கள். படிக்கும் ஆர்வம் குறைந்தது, பாட முடிவிலும் குறைவாகவே வாங்குவோம் என்று எதிர்பார்த்தார்கள். எப்படிப் படித்தால் தேறலாம் என்று வழி சொன்ன பதிலைப் படித்தவர்களிடம் அந்தச் சோர்வு இல்லை. பரிவு என்று நாம் நினைத்துச் சொல்வதைப் பிள்ளை தீர்ப்பாகக் கேட்கிறது.

இந்த ஆறுதலோடு எப்போதும் காமராஜரும் வந்துவிடுகிறார். "காமராஜர் என்ன பட்டமா வாங்கினார்?" என்று கேட்காத மேடை இல்லை. பக்கத்து விருதுநகர்க்காரர் என்பதால் மதுரைப் பக்கம் இது இன்னும் அதிகம். காமராஜர் எந்தத் தேர்விலும் தோற்று வெளியேறியவர் அல்லர். தகப்பனார் இறந்தபின் குடும்ப நிலையால் படிப்பை விட்டவர். தமக்குக் கிடைக்காத படிப்பு மற்ற பிள்ளைகளுக்குக் கிடைக்க வேண்டும் என்பதற்காகத்தான் முதலமைச்சராக இருந்தபோது ஊர் ஊராகப் பள்ளி திறந்தார், மதிய உணவு போட்டார். பள்ளிப் படிப்பு இல்லாவிட்டால் என்ன என்பதற்கு அவர் பெயரை எடுத்துக்காட்டாக நீட்டுவது அவருக்கே செய்கிற அநியாயம்.

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். 2025இல் பிளஸ் டூ தேர்ச்சி 95.03 விழுக்காடு. ஒரு வகுப்பில் நாற்பது பேர் என்றால் தவறியவர் இரண்டே பேர். மற்ற முப்பத்தெட்டு பேரும் அப்ளிகேஷன் வாங்க அலைகிறபோது, "எல்லாருக்கும் நடக்கிறதுதான்" என்று அந்த இருவரிடம் சொன்னால் எப்படி நம்புவார்கள்? மார்க் முக்கியமில்லை என்று சொல்கிற மாமா, அதே நாளில் தன் மகளின் 560ஐ வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்திருக்கிறார். பையன் அதையும் பார்க்கிறான். ஃப்ளெக்ஸ் கட்டிய ஊரே ஆறுதலும் சொல்கிறபோது, மார்க் முக்கியமில்லை என்பது தன் விஷயத்தில் மட்டும்தான் என்று புரிந்துகொள்ள அவனுக்கு அதிக நேரம் ஆகாது.

அந்தப் பையனுடைய இயற்பியல் ஆசிரியை மறுநாள் காலையில் போன் செய்தார். அவர் பேசியது இரண்டு நிமிடம் இருக்கும். "தியரில 14 தானடா, ஒரு மார்க். ஒன் வேர்ட்ல எத்தன சரியா எழுதுன, ஞாபகம் இருக்கா? சரி, ஸ்கூலுக்கு வா. விடைத்தாள் காப்பிக்கு முதல்ல போடுவோம், சப்ளிமெண்டரிக்கும் கட்டிருவோம். புத்தகத்த யாருக்கும் குடுத்துறாத." தேற்றுவதற்கென்று ஒரு வார்த்தைகூட அதில் இல்லை. குரலில் இரக்கமும் இல்லை, கடுகடுப்பும் இல்லை; பாதியில் நிற்கிற ஒரு வேலையை முடிக்கக் கூப்பிடுகிற குரல். முந்தின நாள் முழுக்க வந்துபோன உறவினர்களில் ஒருவருக்காவது இந்தத் தொனி வாய்த்திருந்தால் அவன் அன்றைக்கே பள்ளிக்கூடம் போயிருப்பான்.

ஒரு மதிப்பெண்ணில் தவறியவனிடம் இப்படிப் பேசுவது எளிது, நான்கு பாடம் போன பிள்ளையிடம் என்ன சொல்வது என்று கேட்பார்கள். அங்கேயும் உள்ளதைத்தான் சொல்ல வேண்டும். ஏழு வாரத்தில் நான்கையும் முடிப்பது பெரும்பாலோருக்குக் கடினம். நான்குக்கும் கட்டட்டும், எழுத்தில் 12, 13 என்று நிற்கிற இரண்டை முதலில் பிடிக்கட்டும், மீதியை அடுத்த தேர்வில் பார்த்துக்கொள்ளலாம். அதற்குள் ஒரு தொழில் பழக வேண்டும் என்று அந்தப் பிள்ளையே விரும்பினால், ஐடிஐக்கும் பாலிடெக்னிக் முதலாண்டுக்கும் பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணே போதும். அந்த விண்ணப்பங்களும் இதே மே, ஜூனில்தான். கடைக்கு அனுப்பிவிடலாம் என்பதைத் திண்ணையில் இருப்பவர்கள் முடிவு செய்வதற்கு முன்னால், அந்தப் பிள்ளையின் மதிப்பெண் பட்டியலை ஒருவராவது கையில் வாங்கி, எழுத்து, செய்முறை, அகமதிப்பீடு என்று மூன்று கட்டத்தையும் வரிவரியாகப் படிக்கட்டும்.