பத்தான பங்கும் பங்கிடப்படாத விலையும்

2025 ஜூன் 16-ஆம் நாளை ரெக்கார்டு தேதியாகக் கொண்டு பஜாஜ் ஃபைனான்ஸ் நிறுவனம் இரண்டு காரியங்களை ஒருசேரச் செய்தது. 2 ரூபாய் முகமதிப்புள்ள ஒவ்வொரு பங்கையும் 1 ரூபாய் முகமதிப்புள்ள இரண்டு பங்குகளாகப் பிரித்தது. அவ்வாறு பிரிந்த ஒவ்வொரு பங்குக்கும் நான்கு போனஸ் பங்குகளை வழங்கியது. ஒரு பங்கு வைத்திருந்தவரின் டீமேட் கணக்கில் பத்துப் பங்குகள் நின்றன. சந்தை விலையும் ஏறத்தாழப் பத்தில் ஒன்றாக இறங்கியது. நிறுவனத்தில் அவருக்குள்ள உரிமையின் அளவோ அவருடைய முதலீட்டின் மதிப்போ இதனால் மாறவில்லை. எனினும் வருமான வரிக் கணக்கில் இந்தப் பத்துப் பங்குகளும் ஒரே தன்மையுடையவை அல்ல என்பதே மூலதன ஆதாயக் கணக்கீட்டைச் சிக்கலாக்குகிறது.

பங்குப் பிரிப்பில் சட்டமும் பொருளியலும் ஒத்துப்போகின்றன. பழைய பங்கின் கொள்முதல் விலை புதிய பங்குகளுக்குச் சமமாகப் பகிரப்படுகிறது; வைத்திருந்த காலமும் முதலில் வாங்கிய நாளிலிருந்தே எண்ணப்படுகிறது. போனஸ் பங்குகளின் நிலை வேறு. 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 55-ஆவது பிரிவு, பணம் ஏதும் செலுத்தாமல் கிடைத்த போனஸ் பங்கின் அடக்க விலையைச் சுழியம் என்றே கொள்கிறது. அதை வைத்திருந்த காலமும் ஒதுக்கீடு செய்யப்பட்ட நாளிலிருந்துதான் தொடங்குகிறது. ஆகவே பத்துப் பங்குகளில் இரண்டு மட்டுமே பழைய விலையைச் சுமக்க, எஞ்சிய எட்டும் விலையின்றியும் புதிய பிறந்தநாளோடும் நிற்கின்றன. பழைய விலையைப் பத்தால் வகுத்துத் தரகு நிறுவனச் செயலிகள் பொதுவாகக் காட்டும் 'சராசரி விலை' முதலீட்டின் வளர்ச்சியை அறிய உதவுமே தவிர, வரிக் கணக்குக்கு உதவாது.

இந்த விதி தொடக்கம் முதலே இருந்ததன்று. டால்மியா இன்வெஸ்ட்மென்ட் வழக்கில் 1964-இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், பழைய பங்குகளுக்கு இணையான உரிமைகளோடு போனஸ் பங்குகள் வழங்கப்பட்டால், பழைய பங்குகளின் விலையை இரண்டுக்கும் சேர்த்துப் பரப்ப வேண்டும் என்ற நிலைப்பாட்டை எடுத்தது. போனஸ் வழங்கப்பட்டதும் பழைய பங்கின் மதிப்பில் ஒரு பகுதியே புதிய பங்குக்கு இடம்பெயர்கிறது என்பதுதான் அதன் அடிப்படை. 1995-ஆம் ஆண்டு நிதிச் சட்டம் அந்தச் சராசரி முறையை அகற்றிச் சுழிய விலையைக் கொண்டுவந்தது. அமெரிக்க வரிச் சட்டமோ இன்றும் பொதுவாகப் பழைய பங்கின் விலையையும் காலத்தையும் போனஸ் பங்குகளோடு பகிர்ந்துகொள்ளவே செய்கிறது.

சுழிய விலைக்கு ஆதரவாக எளிமை என்ற வலுவான காரணம் உண்டு. ஒரே நிறுவனத்தின் பங்கைப் பல தேதிகளில் பல விலைகளில் வாங்கியவருக்கு மூன்று முறை போனஸ் கிடைத்திருந்தால், ஒவ்வொரு கொள்முதலின் விலையையும் மூன்று முறை மறுபகிர்வு செய்ய நேரும். சுழிய முறையில் பழைய விலை தொடப்படுவதே இல்லை. எல்லாப் பங்குகளும் விற்றுத் தீர்ந்தபின் மொத்த ஆதாயம் இரு முறைகளிலும் ஒன்றாகவே வரும் என்பதும் இதற்குச் சாதகமாகச் சொல்லப்படுவது. மொத்தத்தைப் பொறுத்தவரை அது உண்மையே. ஆனால் ஆதாயத்தைக் குறுகிய காலம், நீண்ட காலம் என்று பிரித்து வெவ்வேறு வீதத்தில் வரி விதிக்கும் சட்டத்தில் மொத்தம் ஒத்துப்போவது மட்டும் போதாது.

பனமலையில் வாழும், அடிப்படை விலக்கு வரம்பைத் தாண்டிய சம்பளம் பெறும் ஒருவர், 2024 மே மாதத்தில் பஜாஜ் ஃபைனான்ஸின் 20 பங்குகளைத் தலா 7,000 ரூபாய்க்கு வாங்கினார் எனக் கொள்வோம். அவருடைய முதலீடு 1,40,000 ரூபாய். 2025 ஜூனுக்குப் பிறகு அவரிடம் 200 பங்குகள் உள்ளன. அவற்றுள் பிரிப்பால் வந்த 40 பங்குகளுக்குத் தலா 3,500 ரூபாய் அடக்க விலை, போனஸாக வந்த 160 பங்குகளுக்குச் சுழியம். 2025 ஜூலையில் அனைத்தையும் தலா 900 ரூபாய்க்கு விற்றால் கிடைப்பது 1,80,000 ரூபாய். உண்மையான ஆதாயம் 40,000 ரூபாய் மட்டுமே. சட்டப்படியான கணக்கோ வேறு படத்தைக் காட்டுகிறது. 40 பங்குகளில் 1,04,000 ரூபாய் நீண்ட கால நட்டம். 160 பங்குகளில் 1,44,000 ரூபாய் குறுகிய கால ஆதாயம். நீண்ட கால நட்டத்தைக் குறுகிய கால ஆதாயத்தோடு ஈடுசெய்யச் சட்டம் இடம் தருவதில்லை. ஆகவே முழு 1,44,000 ரூபாய்க்கும் 20 விழுக்காடு வீதத்தில் 28,800 ரூபாய் வரியும் அதன்மேல் செஸ்ஸும் செலுத்தியாக வேண்டும். 40,000 சம்பாதித்தவர் ஏறக்குறைய 30,000 ரூபாயை வரியாகக் கட்டுகிறார். கையில் மிஞ்சுவது, உரிய தேதிக்குள் படிவம் தாக்கல் செய்தால் எட்டு ஆண்டுகளுக்கு முன்னெடுத்துச் செல்லத்தக்க ஒரு நட்டம்.

இதே மனிதர் போனஸ் பங்குகளை ஒதுக்கீட்டு நாளிலிருந்து ஓராண்டுக்கு மேல் வைத்திருந்து அதே விலைக்கு விற்றால், முன்னைய நட்டத்தைக் கழித்தபின் 40,000 ரூபாய் நீண்ட கால ஆதாயமே எஞ்சும். ஆண்டுக்கு 1,25,000 ரூபாய் வரை வரியில்லை என்பதால், வேறு நீண்ட கால ஆதாயம் இல்லாதவருக்கு வரியே வராது. பொருளியல் அடிப்படையில் எந்த வேறுபாடும் இல்லாத இரு நிலைகளுக்கு இவ்வளவு வேறுபட்ட வரி விளைவதை எளிமையின் விலை என்று சொல்லித் தள்ளிவிட முடியாது.

மறுபுறம், 40 பங்குகளை மட்டும் விற்று, அந்தச் செயற்கை நட்டத்தால் வேறொரு நீண்ட கால ஆதாயத்தின் வரியைக் குறைத்துக்கொள்ளும் வழியும் இதே விதியால் திறக்கிறது. இவ்வகை வழியை ஓரளவு அடைக்கவே, மியூச்சுவல் ஃபண்ட் யூனிட்டுகளுக்கு மட்டும் இருந்த 94(8) பிரிவு 2022-ஆம் ஆண்டு நிதிச் சட்டத்தின் வழியே பங்குகளுக்கும் விரிவாக்கப்பட்டது. ரெக்கார்டு தேதிக்கு முந்தைய மூன்று மாதங்களுக்குள் வாங்கிய பங்கை, அதற்குப் பிந்தைய ஒன்பது மாதங்களுக்குள், போனஸ் பங்குகளைக் கையில் வைத்துக்கொண்டே நட்டத்தில் விற்றால், அந்த நட்டம் கணக்கில் கொள்ளப்படாது. கையிருப்பிலுள்ள போனஸ் பங்குகளின் அடக்க விலையாக அது மாறிவிடும். போனஸ் பங்குக்கும் விலை உண்டு என்பதைச் சட்டமே இங்கு ஒப்புக்கொள்வதைக் கவனிக்க வேண்டும். ஏய்ப்பைத் தடுக்கும்போது ஏற்கப்படும் இந்தத் தர்க்கம் நேர்மையான நீண்ட கால முதலீட்டாளருக்கு மட்டும் மறுக்கப்படுவது பொருந்தவில்லை.

2018 ஜனவரி 31 வரை வாங்கிய பங்குகளில் இன்னொரு அடுக்கு சேர்கிறது. அவற்றின் உண்மையான விலையோடு, அந்நாளின் உச்ச விலை, விற்பனை விலை ஆகிய இரண்டில் குறைவானதை ஒப்பிட்டு, எது மிகுதியோ அதை அடக்க விலையாகக் கொள்ளலாம். ஓசூரில் பதிவு அலுவலகம் உள்ள டைட்டன் நிறுவனம் 2011-இல் ஒன்றுக்கு ஒன்று போனஸும் 10 ரூபாய் முகமதிப்பை 1 ரூபாயாக்கும் பிரிப்பும் செய்தபோது ஒரு பங்கு இருபதானது. அவற்றுள் போனஸாக வந்த பத்துக்கும் இந்த விதி பொருந்துவதால், அங்கே சுழியம் நடைமுறையில் மறைந்துவிடுகிறது. பஜாஜ் ஃபைனான்ஸின் 2025 போனஸ் பங்குகளுக்கோ அந்தச் சலுகை இல்லை. அந்நிறுவனத்தின் பழைய பங்குக்கு மட்டும் 2018-ஆம் ஆண்டு விலையை எடுத்து இரண்டால் வகுக்க வேண்டும்.

பிழை பெரும்பாலும் நுழைவது இந்த இடத்தில்தான். இணையத்தில் கிடைக்கும் வரலாற்று விலைப்பட்டியல்கள் பல, வரைபடத்தில் திடீர்ச் சரிவு தெரியாமலிருக்கப் பிரிப்பு, போனஸ் இரண்டுக்கும் சேர்த்தே பழைய விலைகளைத் திருத்தியிருக்கும். அதாவது இரண்டால் வகுக்க வேண்டிய விலை அங்கே பத்தால் வகுபட்டிருக்கும். அப்பட்டியலை அப்படியே எடுத்தாள்பவர் பழைய பங்கின் அடக்க விலையில் ஐந்தில் நான்கு பங்கைத் தாமாகவே கைவிடுகிறார். 2018 ஜனவரி 31 அன்று பங்குச் சந்தை வெளியிட்ட திருத்தப்படாத அன்றாட விலைப்பட்டியலோடு ஒப்பிட்டால் வேறுபாடு உடனே தெரிந்துவிடும். பிரிப்பின்போது பங்கின் ஐ.எஸ்.ஐ.என். எண்ணும் மாறுவதால், டீமேட் அறிக்கையில் பழைய எண்ணில் பற்றும் புதிய எண்ணில் வரவும் பதிவாகியிருக்கும். புதிய எண்ணில் அதையொட்டி வரும் போனஸ் வரவை அதிலிருந்து பிரித்தறிந்து, எது எந்த நாளின் பங்கு என்று குறித்துவைத்த பிறகே, முதலில் வந்ததே முதலில் விற்றது என்ற முறையைப் பொருத்த முடியும்.