ஒரு நிமிடம், ஒரு கேள்வி

நாவல் டிரெய்லருக்கான ஸ்கிரிப்ட் ஒற்றைத் தாள் சமாச்சாரம். இடப்பக்கம் காட்சி, வலப்பக்கம் ஒலி. படமாக்கி முடித்ததும் அதை யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை. பூந்தமல்லிக்கார நண்பர் தன் முதல் நாவலுக்காக எழுதிய தாளைப் படித்ததும் எனக்கு அதன் மேலேயே ஆசை வந்துவிட்டது. கதை, 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது அடையாற்றங்கரை வீடொன்றில் நடக்கிறது. தாளில் வெள்ளமே இல்லை. செம்பரம்பாக்கம் ஏரியின் ஈர மதகு. சுவரில் இடுப்பளவு உயரத்தில் சேற்றுக்கோடு. அந்தக் கோட்டுக்குக் கீழே உப்பிப்போன மரக்கதவு. ஒவ்வொன்றும் ஏழெட்டு நொடி அசையாமல் நிற்கிறது. இசை கிடையாது; நீர் சொட்டும் சத்தமும், எங்கோ போகும் லாரியின் இரைச்சலும்தான். மனித முகமும் இல்லை. முகத்தைக் காட்டிவிட்டால் வாசகர் நாவல் முழுக்க அந்த நடிகரையே பார்த்துக்கொண்டிருப்பார்.

இந்தக் காட்சிகளுக்குப் பிறகு ஒரு கேள்வி வருகிறது. முதலில் எழுதியது, ‘அவள் பிழைத்தாளா?’ ஆம், இல்லை என்று ஊகித்துவிட்டு நகர்ந்துவிடலாம் என்பதால் நண்பர் அதை அடித்துவிட்டார். கீழே பென்சிலில் இருந்தது: ‘வெளியே தாழ்ப்பாள் போட்டது யார்?’ அதைப் படித்ததும் கண் தானாக மேலேறி அந்தக் கதவுக்குப் போகிறது. ஈரத்தில் உப்பிய மரம் இப்போது சாட்சியாகிவிட்டது. புதிதாக ஒரு காட்சிகூடச் சேர்க்காமல், பழைய காட்சியின் அர்த்தத்தையே மாற்றிவிடுகிறது அந்த வரி. கேள்விக்குப் பிறகு மூன்று நொடி மௌனம், அதற்கப்புறம்தான் அட்டைப்படம் என்று குறித்திருக்கிறார். பதிலை அங்கே சொல்லாமல் நாவலுக்கே விட்டுவைத்த அடக்கம் எனக்கு ரொம்பப் பிடித்தது.