துப்பாக்கியும் இரும்பும்: சென்னை மோட்டார் சைக்கிளின் விளம்பரத் தொடரை இத்தாலிய மொழியில் மறுபடைப்புச் செய்தல்

முன்னுரை

விளம்பரத் தொடரைச் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பது தவறு என்பது மொழிபெயர்ப்புத் துறையில் அடிக்கடி கேட்கும் கூற்று. எது எவ்விடத்தில் தவறாகிறது, அதற்கு மாற்றாக வருவது எதைக் காத்து எதை இழக்கிறது என்பதை ஒரு தொடரை முன்வைத்துக் காட்டும் ஆய்வுகள் தமிழில் குறைவு. அதற்கு ஏற்ற ஒரு தொடர் சென்னைக்கு உரியதாகவே இருக்கிறது. மயிலாப்பூர் மாடவீதிகளிலும் தியாகராய நகரின் கடைத்தெருக்களிலும் ஓசையாலேயே அடையாளம் காணப்படும் ‘புல்லட்’ வண்டியின் நிறுவனமான ராயல் என்ஃபீல்டு நெடுங்காலமாகத் தாங்கிவரும் ‘மேட் லைக் எ கன்’ என்பதே அத்தொடர். ‘துப்பாக்கியைப் போலச் செய்யப்பட்டது’ என்பது அதன் நேர்ப்பொருள். இதனை இத்தாலிய வாங்குநர்க்கு எவ்வாறு கொண்டுசெல்வது என்பதே இக்கட்டுரையின் வினா. இங்கு முன்மொழியப்படும் இத்தாலியத் தொடர் கட்டுரையாளருடையது; நிறுவனத்தினுடையது அன்று.

தொடரின் பிறப்பு

இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் மிதிவண்டி உறுப்புகளைச் செய்துவந்த ஒரு தொழிலகம், என்ஃபீல்டு ஊரிலிருந்த அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலைக்கு நுட்ப உறுப்புகளைச் செய்துதரும் ஒப்பந்தத்தைப் பெற்றது. அதன் விளைவாக 1893-இல் ‘ராயல் என்ஃபீல்டு’ என்ற பெயரும் மேற்கண்ட தொடரும் தோன்றின. அப்போது நிறுவனம் மோட்டார் சைக்கிளைச் செய்யவில்லை. முதல் மோட்டார் சைக்கிள் 1901-இல்தான் வந்தது. ஆகவே இத்தொடர் முதலில் வேகத்தைப் பற்றியோ ஆண்மையைப் பற்றியோ பேசவில்லை. துப்பாக்கியின் உறுப்புகளைப் போலத் துல்லியமாக அளந்து கடைந்த உறுப்புகள் இவ்வண்டியில் உள்ளன என்பதே அதன் உரிமைக்கோரல். 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்துடன் சேர்ந்து ‘என்ஃபீல்டு இந்தியா’ உருவாகி, திருவொற்றியூரில் புல்லட் செய்யப்படத் தொடங்கியபோது தொடரும் உடன் வந்தது. பின்னர் இங்கிலாந்துத் தொழிலகம் மூடப்பட்டது. தொடர் சென்னையின் உடைமையாயிற்று. 2017 நவம்பரில் மிலான் நகரின் எய்க்மா கண்காட்சியில் இந்நிறுவனம் தன் 650 சிசி இரட்டை உருளை வண்டிகளை அறிமுகப்படுத்தியபோது இந்தியாவும் இத்தாலியும் ஒரே மேடையில் நின்றன.

நேர்ப்பெயர்ப்பு எங்கே முறிகிறது

முதல் இடர் ‘கன்’ என்ற பெயர்ச்சொல்லில் உள்ளது. ஆங்கிலத்தில் அது கைத்துப்பாக்கி, நீள்துப்பாக்கி, பீரங்கி ஆகிய மூன்றையும் தழுவும். நிறுவனத்தின் வரலாற்றில் இருப்பது நீள்துப்பாக்கி. அதன் பழைய சின்னத்தில் இருப்பதோ சக்கரம் பூட்டிய பீரங்கி. ஆங்கிலத் தொடர் இரண்டையும் ஒரே சொல்லில் ஏந்துகிறது. தமிழில் பெயர்ப்பவரும் துப்பாக்கியா பீரங்கியா என்று தேர்ந்தாக வேண்டும். இத்தாலியத்திலோ தேர்வு இன்னும் இடர்ப்பாடானது.

கைத்துப்பாக்கிக்கு ‘பிஸ்தோலா’ என்ற சொல் உண்டு. ஆனால் மிலான் வட்டாரப் பேச்சில் ஒருவரைப் ‘பிஸ்தோலா’ என்றால் மூடர் என்று பொருள். கண்காட்சி நடப்பதோ அதே மிலானில். பீரங்கிக்கு உரிய ‘கன்னோனே’ திறமையில் சிறந்தவரைக் குறிக்கும். அதே சொல் இளைஞர் வழக்கில் கஞ்சாச் சுருட்டையும் குறிக்கும். எஞ்சுவது நீள்துப்பாக்கிக்கு உரிய ‘ஃபுசீலெ’.

இரண்டாவது இடர் வினையில் உள்ளது. அகராதியை மட்டும் நம்புவோர் இதைக் காண்பதில்லை. ‘மேட்’ என்பதற்கு நேரான சொல் ‘ஃபாத்தோ’. மோட்டார் சைக்கிள் இத்தாலியத்தில் பெண்பாற் பெயராதலின் அது ‘ஃபாத்தா’ என்றாகும். இலக்கணம் சரியே. ஆனால் பேச்சு வழக்கில் இச்சொல்லுக்குப் போதையேறிய நிலை என்ற பொருளும் உண்டு. ‘ஃபாத்தோ கோமெ’ என்று தொடங்கி ஒரு பொருளின் பெயரைச் சேர்ப்பது, இன்னதைப் போலப் போதையில் மிதக்கிறான் என்று நகைப்பதற்குரிய நிலைத்த வாய்பாடு. ‘ஃபாத்தா கோமெ உன் கன்னோனே’ என்று எழுதினால் வினையும் பெயரும் ஒருங்கே போதையைச் சுட்டும். இலக்கணப் பிழை ஒன்றுமில்லாத தொடர் சுவரொட்டியிலேயே நகைப்புக்கு இடமாகிவிடும்.

வினையை மாற்றி, ‘கட்டமைக்கப்பட்டது’ என்ற பொருள் தரும் ‘கோஸ்த்ருயீத்தா’ என்ற சொல்லைக் கொண்டு ‘கோஸ்த்ருயீத்தா கோமெ உன் ஃபுசீலெ’ என்று எழுதினால் இந்த இடர் நீங்கும். நகைப்பு எழாது. ஆயினும் ஆங்கிலத்தில் நான்கு அசையில் சுத்தியல் அடிபோல் விழும் தொடர், இங்கே ஒன்பது அசையாக நீண்டு தொழில்நுட்பக் கையேட்டின் வரியாகிவிடுகிறது.

பண்பாட்டில் ஒரு சிக்கல்

ஒலிக்குறையைப் பொறுத்துக்கொண்டாலும், துப்பாக்கி இத்தாலியருக்கு யாரை நினைவூட்டும் என்ற வினா எழுகிறது. பிரெஷா மாநிலத்தின் த்ரோம்பியா பள்ளத்தாக்கு பல நூற்றாண்டுகளாகத் துப்பாக்கித் தொழிலுக்குப் பெயர்பெற்றது. பெரெத்தா குடும்பத்தின் தொழில் 1526 முதல் சான்றுடையது. ஆகவே ‘ஃபுசீலெ’ என்றதும் கைவினைச் சிறப்புடைய வேட்டைத் துப்பாக்கி நினைவுக்கு வருவது இயல்பு. இதில் கெடுதல் ஏதுமில்லை. ஆங்கிலத் தொடரின் துல்லியப் பொருளுக்கு இது ஓரளவு துணையும் செய்கிறது.

ஆனால் அந்நாட்டில் பெனெல்லி என்ற பெயரும் இருக்கிறது. 1911-இல் பேசரோ நகரில் தொடங்கிய பெனெல்லி குடும்பம் மோட்டார் சைக்கிள் செய்தது. அக்குடும்பமே 1967-இல் ஊர்பீனோவில் துப்பாக்கித் தொழிலையும் தொடங்கியது. பின்னாளில் இரு தொழில்களும் வெவ்வேறு உரிமையாளரிடம் சென்றுவிட்டன. பெயர் மட்டும் பொதுவாக நிற்கிறது. மோட்டார் சைக்கிளையும் துப்பாக்கியையும் ஒரு வரியில் இணைத்தால் இத்தாலிய ஓட்டுநர் மனத்தில் முதலில் எழக்கூடிய பெயர் ராயல் என்ஃபீல்டு அன்று, பெனெல்லியே. தன் காசைச் செலவிட்டுப் போட்டியாளருக்கு விளம்பரம் செய்யும் நிலை இது. இதனை எந்த அகராதியும் எச்சரிக்காது.

இதனோடு, 1960களின் இறுதி முதல் 1980களின் தொடக்கம் வரை நீடித்த அரசியல் வன்முறைக் காலத்தை இத்தாலியர் ‘ஈய ஆண்டுகள்’ என்றே வழங்குகின்றனர். ஈயம் என்பது துப்பாக்கிக் குண்டு. அத்தலைமுறையினர் இன்றும் வாங்குநராக உள்ளனர். இக்காரணத்தை நான் பெரிதாகக் கருதவில்லை. பெனெல்லிச் சிக்கலே வலியது.

மறுபடைப்பு என்னும் முறை

மொழிபெயர்த்தலைத் தொல்காப்பிய மரபியல் வழிநூல் வகை நான்கனுள் ஒன்றாக வைக்கிறது. அதாவது அது புதிதாக யாக்கப்படும் நூல். முதனூலுக்குக் கடன்பட்டது, ஆனால் தன் வழியில் நிற்பது. ஆங்கிலத்தில் ‘டிரான்ஸ்கிரியேஷன்’ என்ற சொல்லைக் கல்கத்தாவின் பி. லால் வடமொழி இலக்கியப் பெயர்ப்புக்கு வழங்கினார். விளம்பரத்துறை அச்சொல்லை எடுத்துக்கொண்டபோது ஒரு வேறுபாடு விளைந்தது. இலக்கிய மறுபடைப்பாளர் மூலத்துக்கும் தம் சுவைக்கும் பொறுப்பாளர். விளம்பர மறுபடைப்பாளரோ பொருளை விற்பவருக்கும் வாங்குபவருக்கும் பொறுப்பாளர். அவருடைய உரிமை மிகுதி எனக் கூறுவோர் உளர். என் கருத்தில் அது குறைவு. ஒவ்வொரு மாற்றத்துக்கும் அவர் காரணம் எழுதியாக வேண்டும். வழக்கமாக அவர் இரண்டு மூன்று மாற்றுத் தொடர்களைத் தந்து, ஒவ்வொன்றின் கீழும் மூலமொழியில் மீள்பெயர்ப்பையும் விளக்கத்தையும் இணைப்பார். சொல் எண்ணிக்கைக்குக் கூலி தரும் மொழிபெயர்ப்புத் தொழில்முறை இதற்குப் பொருந்தாததும் அதனாலேயே: நான்கு சொல்லுக்கு நான்கு நாளும் ஆகலாம்.

நேர்ப்பெயர்ப்பு எப்போதும் தோற்பதில்லை. ‘வைரம் என்றென்றைக்கும் உரியது’ என்ற கருத்துடைய 1947-ஆம் ஆண்டு ஆங்கிலத் தொடர் இத்தாலியத்தில் சொல்லுக்குச் சொல் ‘உன் டியாமான்தே எ பெர் செம்ப்ரே’ என நிலைபெற்றது. அங்கே எந்தச் சொல்லும் இருபொருள் கொண்டு தடுமாறவில்லை. மாறாக, ஹரிபோ இனிப்பின் செருமானியத் தொடர் குழந்தைகளையும் பெரியவர்களையும் மகிழ்விப்பதாகக் கூறி எதுகைபோல் முடியும். இத்தாலியத் தொடர் ‘எந்த அகவையிலும் சுவைக்கும் நன்மை’ என்ற கருத்தை ‘பொன்தா’, ‘எதா’ என்னும் இயைபால் கட்டியது. மகிழ்ச்சி போயிற்று, இயைபும் அனைவர்க்கும் என்ற பொருளும் நின்றன. இவ்விரண்டாம் வழியே நம் தொடருக்கும் ஏற்றது.

ஒரு முன்மொழிவு

எதைக் காக்க வேண்டும்? துப்பாக்கியை அன்று, உலோகத்தின் உறுதி, நம்பகம், சுருக்கம் ஆகியவற்றையே. இத்தாலிய மோட்டார் சைக்கிள் ஓட்டுநர் நல்ல வண்டியை ‘ஃபெர்ரோ’ என்பர், நேர்ப்பொருள் இரும்பு. குற்றவுலகப் பேச்சில் அதே சொல் துப்பாக்கியையும் குறிக்கும். ‘இரும்பாலான’ என்ற அடை உடல்நலத்துக்கும் நினைவாற்றலுக்கும் உறுதிப்பொருளில் வரும். இனி, சொன்ன சொல் தவறாதவரை இத்தாலியர் ‘உவோமோ டி பரோலா’ என்பர். மனிதனை நீக்கி இரும்பை வைத்தால் ‘உன் ஃபெர்ரோ டி பரோலா’ என்றாகும். மீள்பெயர்ப்பு: ‘சொன்ன சொல் காக்கும் இரும்பு’. ஏழசை கொண்டு, ஆறாம் அசையில் அழுத்தம் பெறும் இவ்வரி இத்தாலியச் செய்யுளின் பழகிய ஏழசை அடியாகவும் அமைகிறது. பழைய துப்பாக்கி மறைந்தாலும், அறிந்தவர் காதில் அதன் மங்கிய ஒலி ‘ஃபெர்ரோ’வில் எஞ்சும்.

இதன் குறைகளையும் கூற வேண்டும். ‘ஃபெர்ரோ’ ஓட்டுநர் வட்டத்துச் சொல். முதல் வண்டி வாங்க வரும் கல்லூரி மாணவருக்கு அது சலவைப் பெட்டியையே நினைவூட்டக்கூடும், ஏனெனில் அதற்கும் இச்சொல்லே. ‘ஃபெர்ரோவேக்கியோ’ என்றால் பழைய இரும்புக் குப்பை. பழமைத் தோற்றமுள்ள வண்டிக்கு இது கேலிக்கு வாய்ப்பளிக்கும். ஆகவே தொடரின் அருகில் ‘பழைய’ என்ற அடை எவ்வகையிலும் வரலாகாது. மேலும், மூலத்தொடர் வண்டி எவ்வாறு செய்யப்பட்டது என்று கூறியது. இதுவோ எவ்வாறு நடந்துகொள்ளும் என்று உறுதியளிக்கிறது. எண்ணெய் கசியும் பழைய புல்லட்டைப் பற்றிய நகைச்சுவைகள் அறிந்தோர் இந்த உறுதிமொழியைக் கேட்டுப் புன்னகைப்பர்.

மூன்றாவது வழியும் உண்டு: ஆங்கிலத்தை அப்படியே விடுவது. சின்னத்திலும் மேலங்கியிலும் அது தக்கது. அங்கே தொடரைப் பொருளுக்காக எவரும் படிப்பதில்லை, பழமையின் முத்திரையாகவே காண்கின்றனர். விற்பனை விளம்பரத்தின் தலைப்பு வரியில் அது போதாது. ஆனால் பீரங்கிச் சின்னம் அதே பக்கத்தின் மூலையில் இருக்குமாயின், ‘ஃபெர்ரோ’வின் துப்பாக்கிப் பொருள் மங்கலாக நிற்காமல் முன்னே வந்துவிடும். தொடரை ஒப்புக்கொள்ளுமுன் சின்னம் அச்சிட்ட முழுப் பக்கத்தையே மிலான், ரோம், நேப்பிள்ஸ் ஆகிய மூன்று நகரத்து ஓட்டுநரிடமும் ஓட்டாதவரிடமும் காட்டி, முதலில் மனத்தில் தோன்றிய பொருளை எழுதித்தரச் சொல்ல வேண்டும். வந்த விடைகளில் வண்டியைவிடச் சலவைப் பெட்டியோ கைத்துப்பாக்கியோ மிகுந்தால், இவ்வரியைக் கைவிட்டு அடுத்த மாற்றைத் தேட வேண்டும்.