முதல் வரி மட்டும் காலி

ஒரகடம் பக்கம் வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் கொள்முதல் பிரிவில் இருப்பவருக்கு மெயில் எழுதுவதே பாதி வேலை. சரக்கு தாமதம், ஆர்டர் திருத்தம், சாம்பிள் ஒப்புதல் என்று திரும்பத் திரும்ப அதே விஷயங்கள். எனக்குப் பிடித்த வார்ப்புருத் தொகுப்பில் ஆறே மெயில்கள்தான். ஒவ்வொன்றிலும் முதல் வரி காலி. அந்த இடத்தில் ## என்ற குறி மட்டும்.

திருமுடிவாக்கத்தில் பிராக்கெட் செய்யும் சிறு பட்டறைக்குத் தாமத மெயில் போகிறது என்று வையுங்கள். ஆர்டர் எண், பாக எண், நிலுவை 400, தேவைப்படும் நாள் வியாழன்: இவை வார்ப்புருவின் கட்டங்களில் விழும். முதல் வரியைக் கையால்தான் எழுத வேண்டும்: "பவுடர் கோட்டிங் அடுப்பு பழுது என்றீர்களே, சரியாகிவிட்டதா?" கேள்வியும் பட்டறைக்காரரின் நிலைமைக்கேற்ப மாறும்: "முழுசும் முடியாவிட்டால் புதன்கிழமை 150 மட்டும் அனுப்ப முடியுமா?" இதற்குத் தேதியோடு பதில் வரும். "விரைவில் அனுப்பவும்" என்று எழுதினால் "சரி சார்" மட்டுமே வரும்.

"நலம்தானே?" என்பதை வார்ப்புருவிலேயே அடித்து வைப்பவர்கள் உண்டு. மூன்றாவது மெயிலிலேயே குட்டு வெளிப்பட்டுவிடும். பழைய பெயர் தங்கிவிடுவது இன்னும் மோசம். அதனால் பெறுநர் முகவரியைக் கடைசியில் போடுவது நல்லது, ## எங்காவது மிச்சமா என்று தேடிவிட்டு.

சரக்கை நிராகரிக்கும் மெயிலுக்கு மட்டும் நலம் விசாரிப்பு வேண்டாம். லாட் எண், வரைபட அளவு, அளந்த அளவு போதும். அனுப்புவதற்கு முன் ஒரு போன்.