ஆடையில் எழுத்து: வடிவமும் வாசிப்பும்

1994ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் நடைபெற்ற ஷானெல் நிறுவனத்தின் ஆடை அணிவகுப்பில், கிளாடியா ஷிஃபர் அணிந்து வந்த மேலாடையில் அரபு எழுத்துகள் பூவேலையாக இழைக்கப்பட்டிருந்தன. அவை திருக்குர்ஆன் சொற்கள் என்று தெரிந்ததும் கண்டனம் எழுந்தது. தாஜ்மஹாலைப் பற்றிய நூலிலிருந்து எடுத்ததாகவும், காதற்கவிதை எனக் கருதியதாகவும் வடிவமைப்பாளர் கார்ல் லாகர்ஃபெல்ட் கூறி வருத்தம் தெரிவித்தார். அந்த மாளிகையின் வாயில்களை அணிசெய்பவை இறைவசனங்கள் என்பதை அவர் விசாரித்திருக்கலாம்.

முப்பதாண்டுகள் கழித்து, 2024 பிப்ரவரி 25 அன்று, லாகூரின் இச்ரா கடைவீதியில் இதற்கு நேரெதிரான பிழை நிகழ்ந்தது. உணவகத்திற்கு வந்திருந்த ஒரு பெண்ணின் உடையிலிருந்த அரபு எழுத்துகளை இறைவசனம் எனக் கருதிக் கூட்டம் சூழ்ந்துகொண்டது. காவல் அதிகாரி செய்யிதா ஷஹர்பானு நக்வி அப்பெண்ணைப் பாதுகாப்பாக அழைத்துச் சென்றார். ஆலிம்கள் பார்த்து, அது திருவசனமன்று என உறுதி செய்தனர். ஆயினும் மன்னிப்புக் கேட்டவர் அந்தப் பெண்தான். தவறாக வாசித்தவர்கள் அல்லர். இதுவே இந்நிகழ்ச்சியில் நம்மை மிகவும் உறுத்துவது.

உடையில் இருந்த சொல் ‘ஹுல்வா’. ஹா, லாம், வாவ், இறுதியில் தா மர்பூதா. இனியவள், அழகி என்பது பொருள். ஜபர், ஜேர், பேஷ் இட்டு ஓதப் பழகிய ஒருவர், அக்குறிகள் இல்லாத இச்சொல்லை ‘ஹல்வா’ என்று வாசித்து, நாம் உண்ணும் அல்வாவை நினைக்கக்கூடும். அந்தத் தின்பண்டத்தின் அரபுப் பெயர் வேறு எழுத்தில் முடியும். ஈற்றெழுத்தைப் பார்த்தாலே ஐயம் தீரும்.

வில்லியனூரிலோ பாகூரிலோ எடுத்த ஒரு திருமணப் புகைப்படத்தில் இத்தகைய துப்பட்டா தென்படுவதாகக் கொள்வோம். முதலெழுத்தான ஹாவுக்குப் புள்ளி இல்லை. துணிமடிப்பின் நிழலோ கறையோ மேலே ஒரு புள்ளியாகத் தோன்றினால் அது ‘கா’ ஆகிவிடும். சொல்லும் ‘கல்வா’, அதாவது தனித்திருத்தல் என்றாகும். சூஃபிகளின் கல்வத்தும், அந்நிய ஆணும் பெண்ணும் தனித்திருப்பதைக் குறிக்கும் ஃபிக்ஹுக் கலைச்சொல்லும் இதுவே. புள்ளி கீழே தோன்றினாலோ ‘ஜல்வா’. மணமகளை முகம் திறந்து காட்டுதல். மணப்பெண்ணின் படத்துக்குக் கீழே இம்மூன்றில் எதை எழுதுவது என்பது சிறிய விஷயமன்று.

எழுத்து அரபு என்பதனால் மொழியும் அரபு என்றாகாது. அரபுத்தமிழ் ஏடுகளை அறிந்த நமக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. உருதுவும் பாரசீகமும் அவ்வாறே. கண்ணாடிப் பிம்பமாகத் திரும்பிய படங்களும் உண்டு; அவற்றில் வரி இடமிருந்து வலமாக ஓடும். பச்சை குத்தியோர் சிலரின் கையில் எழுத்துகள் ஒன்றோடொன்று இணையாமல் தனித்தனியே நிற்கும். அது கணினி செய்த கோளாறேயன்றிப் புதிய எழுத்துமுறை அன்று.

அச்சுத் துணியில் ஒரே சொல் பலமுறை திரும்ப வரும். மடிப்பில்லாத வேறோர் இடத்தில் அதே சொல்லைத் தேடி, அங்கும் அந்தப் புள்ளி இருக்கிறதா என்று பார்த்த பின்னரே பொருள் கூறலாம். அப்படி ஓரிடம் படத்தில் அகப்படாவிட்டால், துணியையே நேரில் காண வேண்டும்.