அடைப்புக்குறிக்குள் நிற்கும் விழுக்காடு

தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்று 2019 முதல் 2021 வரை நடந்தது. அது ஒவ்வொரு மாவட்டத்துக்கும் சில பக்கங்கள் கொண்ட ஒரு தாளை வெளியிட்டிருக்கிறது. கிருஷ்ணகிரிக்கும் ஒன்று உண்டு. இத்தாள்களில் சில விழுக்காடுகள் அடைப்புக்குறிக்குள் அச்சாகியிருக்கும். சில இடங்களில் எண்ணே இல்லாமல் உடுக்குறி மட்டும் நிற்கும். அடிக்குறிப்பு காரணம் சொல்கிறது. விடையளித்தவர்கள் 25 முதல் 49 பேர் என்றால் அடைப்புக்குறி; 25 பேருக்கும் குறைவென்றால் உடுக்குறி.

இந்த நேர்மையைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் குறை ஒன்று உண்டு. 'எச்சரிக்கை' என்று சொல்லும் தாள், எவ்வளவு எச்சரிக்கை என்று சொல்லவில்லை. அதை நாமே கணக்கிட்டுப் பார்ப்போம்.

36 பேரைக் கேட்டு, 18 பேர் 'ஆம்' என்றார்கள் எனக் கொள்வோம். விகிதம் 50 விழுக்காடு. வேறு 36 பேரைக் கேட்டிருந்தால் விடை சற்று மாறியிருக்கும் அல்லவா? அந்த மாற்றத்தின் அளவைத் தருவது இவ்வாய்பாடு:

p ± 1.96 × √(p(1−p)/n)

இங்கே p என்பது 0.5, n என்பது 36. வர்க்கமூலம் 0.083; அதை 1.96 ஆல் பெருக்கினால் 0.163. ஆக, 50 விழுக்காடு என்று அச்சிட்ட எண், ஏறத்தாழ 34 முதல் 66 வரை எங்கும் இருக்கக்கூடும். இதுவே 95 விழுக்காடு நம்பிக்கை இடைவெளி. இதே முறையில் மீண்டும் மீண்டும் மாதிரி எடுத்து இடைவெளி போட்டால், நூற்றுக்குச் சுமார் 95 இடைவெளிகள் உண்மை விகிதத்தைத் தம்முள் கொண்டிருக்கும் என்பது பொருள். பக்கத்து மாவட்டத்தில் 58 என்று கண்டால், 'நம்மைவிட மேல்' என்று எப்படிச் சொல்வது?

இனி நம் ஊருக்கு வருவோம். ஓசூரில் தொழிற்பேட்டையை ஒட்டிய ஒரு குடியிருப்பு. 600 வீடுகள் என்று வைத்துக்கொள்வோம். எத்தனை வீட்டில் குடிநீரைக் கேனில் வாங்குகிறார்கள் என்று அறிய வேண்டும். மாணவர்களிடம் கேட்டால் உடனே வரும் பதில், 'பத்து விழுக்காடு எடுத்தால் போதும் சார்' என்பது. இந்தப் பத்து விழுக்காடு எங்கிருந்து வந்ததோ, நானறியேன். 60 வீடுகளைக் கேட்டால் பிழை இருபுறமும் 12 விழுக்காடு. ஒரு லட்சம் வீடுகள் உள்ள நகரத்தில் இதே விதிப்படி பத்தாயிரம் வீடுகளைக் கேட்க வேண்டும். பிழை 1 விழுக்காடு. முதலாவது போதாது; இரண்டாவது வீண் உழைப்பு.

எவ்வளவு பிழையைப் பொறுப்போம் என்பதே முதற் கேள்வி. 5 விழுக்காடு என்க. விகிதம் முன்கூட்டித் தெரியாததால், மிக மோசமான நிலையான 0.5 ஐ எடுத்துக்கொள்வோம்:

n = 1.96² × 0.25 / 0.05² = 384.16

அதாவது 385. லட்சம் வீடுகளுக்கும் இதுவே ஏறத்தாழப் போதும். மொத்தமே 600 என்றால், கேட்பவர்கள் மொத்தத்தில் பெரும்பங்கு ஆகிவிடுகிறார்கள். எனவே தேவை குறையும்:

384.16 / (1 + 383.16/600) ≈ 235

இது கதவைத் தட்டிய எண்ணிக்கையன்று. பெற்ற விடைகளின் எண்ணிக்கை.

இவ்வளவும், 600 வீடுகளுக்கும் பட்டியல் போட்டுக் குலுக்கல் முறையில் எடுத்தால்தான் செல்லும். நடப்பதோ வேறு. ஒரு லைன் வீட்டு வரிசைக்குள் நுழைந்தால் பத்து வீட்டையும் கேட்டு முடித்துவிட்டே வெளியே வருகிறோம். பத்து வீட்டுக்கும் ஒரே ஆழ்துளைக் கிணறு, ஒரே தொட்டி. தண்ணீர் உப்பென்றால் பத்துப் பேரும் கேன் வாங்குவார்கள். பத்து விடைகள் கிடைத்தன. செய்தி பத்து கிடைக்கவில்லை. வரிசைக்குள் இருக்கும் இந்த ஒற்றுமையை 0.3 என்று கொண்டால், 1 + (10−1) × 0.3 = 3.7. இப்படி 24 வரிசைகளில் கேட்ட 240 வீடுகள், குலுக்கி எடுத்த 65 வீடுகளுக்கே சமம். பிழை மீண்டும் 12 விழுக்காட்டில் வந்து நிற்கிறது!

மேற்சொன்ன குடும்பநல ஆய்வும் ஒரு கிராமத்தில் அல்லது நகரப் பகுதியில் 22 வீடுகளாகத் திரட்டி எடுத்ததுதான். ஆகவே நாம் கண்ட 34–66 என்ற இடைவெளி கூடச் சில கேள்விகளுக்குக் குறுகலாகவே இருக்கும்.

இன்னொன்றை எந்த வாய்பாடும் காட்டாது. காலை பத்து மணிக்குப் போனால் பகல் ஷிப்டுக்காரர் வீடு பூட்டியிருக்கும். பூட்டிய வீட்டுக்குப் பதிலாகப் பக்கத்து வீட்டைக் கேட்டால் 235 என்ற கணக்கு நிறைந்துவிடும். ஆனால் இருவரும் வேலைக்குப் போகும் வீடுகள் விடுபட்டுப் போகும். 1936 இல் அமெரிக்காவில் 'லிட்டரரி டைஜஸ்ட்' இதழ் சுமார் 24 லட்சம் விடைகளைத் திரட்டியும், தோற்கப்போகும் லாண்டன் வெல்வார் என்றே அறிவித்தது. நம் குடியிருப்பில் பூட்டிய கதவை மாலை ஏழு மணிக்கும், ஞாயிறன்றும் மறுபடி தட்ட வேண்டும். அப்போதும் திறக்காதவை எத்தனை என்பதை அறிக்கையில் விழுக்காட்டின் பக்கத்திலேயே எழுத வேண்டும்.